மான்டி கிறிஸ்டோவில் காணாமல் போன ஓர் அத்தியாயம்

இந்த எபிசோடு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது.

பழிவாங்கும் கதைகள் பத்தி கொஞ்ச நாள் முன்னாடி பேசினப்போ, ‘தி கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ’ நாவலைப் பத்தி நான் ஒரு கருத்து சொல்லியிருந்தேன். அந்தக் கதாநாயகனுக்குக் குற்ற உணர்ச்சியே கிடையாது, கடைசி வரைக்கும் ஒரு மெஷின் மாதிரி ஒவ்வொருத்தரா முடிச்சுக்கிட்டே போறார், அதனால கடைசி எதிரியை மட்டும் திடீர்னு மன்னிச்சு விடுறது கதையோட ஒட்டவே இல்லை, அது டூமா அவசரமா எழுதி முடிச்ச இடம்னு சொன்னேன். ரொம்பத் தெம்பாத்தான் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெயில் வந்தது. ஆங்கில ஆசிரியையா இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. திட்டெல்லாம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். “தம்பி, நீங்க 113-ஆவது அத்தியாயம் படிச்சீங்களா?”

அலமாரியில இருந்து என் பிரதியை எடுத்தேன். காலேஜ் முதல் வருஷத்துல பிளாட்பாரத்துக் கடையில வாங்கினது. கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தா, மொத்தமே 68 அத்தியாயம்தான் இருக்கு. அட்டையில சுருக்கப் பதிப்புன்னு எங்கேயும் போடலை. உள்ளேயும் போடலை. மொழிபெயர்த்தவர் பெயர்கூட இல்லை. எந்தப் பதிப்பகம்னு நான் இங்க சொல்லப் போறதில்லை. அது ஒரு பதிப்பகத்தோட பிரச்சினை மட்டும் இல்லைன்னு பின்னாடி புரியும். ஆனா பத்து வருஷமா “நான் படிச்சிருக்கேன்”னு சொல்லிக்கிட்டு இருந்த ஒரு நாவலை நான் முழுசா படிக்கவே இல்லை. அதை வச்சு எழுதினவரையே குறை வேற சொல்லியிருக்கேன்.

அதனால இன்னைக்கு இந்த ஒரு நாவலை வச்சே, முழுப் பதிப்பு, சுருக்கப் பதிப்பு விஷயத்தைப் பார்க்கப் போறோம். கதையோட முடிவு வரைக்கும் பேச வேண்டியிருக்கு. முடிவு தெரிய வேண்டாம்னா இங்கேயே நிறுத்திட்டு, படிச்சுட்டு வாங்க.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். (ஆமா, நானும் சுருக்கத்தான் செய்றேன்.) 1815-ல், மார்செய் துறைமுகத்துல எட்மண்ட் டான்டேஸ்னு ஒரு இளம் மாலுமி. கேப்டன் ஆகப்போறான், கல்யாணமும் நடக்கப்போகுது. பொறாமையில ரெண்டு பேர் அவனை நெப்போலியனோட ஆள்னு மொட்டைக் கடிதாசி மூலமா மாட்டிவிடுறாங்க. டங்லார், ஃபெர்னான். அவன் நிரபராதின்னு தெரிஞ்சும், தன் குடும்ப ரகசியம் வெளிய வந்துடும்னு வில்ஃபோர்ட்ங்கிற அரசு வக்கீல் அவனைக் கடலுக்கு நடுவுல இருக்கிற ஷாத்தோ டிஃப் சிறையில புதைக்கிறார். 14 வருஷம். அங்கே பக்கத்து அறைக் கைதி ஃபாரியா பாதிரியார் அவனுக்குப் பாடம் சொல்லித்தர்றார், மான்டி கிறிஸ்டோ தீவுல ஒரு புதையல் இருக்கிற இடத்தையும் சொல்லிட்டு இறந்துபோறார். டான்டேஸ் தப்பிக்கிறான், புதையலை எடுக்கிறான், பல வருஷம் கழிச்சு ஒரு கோடீஸ்வரப் பிரபுவா பாரிஸுக்கு வந்து மூணு பேரையும் கவிழ்க்கிறான்.

இவ்வளவும் என் 68 அத்தியாயத்துல இருந்தது. சினிமாக்கள்லேயும் இருக்கும். இல்லாதது என்னன்னா, இதுதான்.

111-ஆவது அத்தியாயத்துல பழிவாங்கல் கைமீறிப் போகுது. வில்ஃபோர்டின் மனைவிக்கு விஷத்தைப் பத்தின அறிவைப் பேச்சுவாக்குல கொடுத்ததே நம்ம பிரபுதான். அவ அதை வச்சுக் குடும்பத்துல ஒவ்வொருத்தரா கொல்றா. மாட்டிக்கிட்டதும் தானும் விஷம் குடிச்சு, தன் சின்னப் பையன் எட்வர்டுக்கும் கொடுத்துடுறா. பிரபு வந்து பார்க்கும்போது பையன் செத்துக் கிடக்கிறான். தூக்கிட்டுப் போய்ப் பிழைக்க வைக்கப் பார்க்கிறார், முடியலை. வில்ஃபோர்டுக்குப் பைத்தியம் பிடிச்சுடுது. இதுவரைக்கும் தன்னைக் கடவுள் அனுப்பின ஆளாவே நினைச்சுக்கிட்டிருந்தவருக்கு, கடவுள் இன்னும் தன் பக்கம் இருக்காரான்னு முதல் தடவையா சந்தேகம் வருது.

என் பிரதியில இந்தச் சாவு ஒன்றரைப் பக்கம். அடுத்த பக்கத்துலேயே பிரபு ஊரை விட்டுக் கிளம்பிட்டார்.

முழு நாவல்ல அப்படி இல்லை. 113-ஆவது அத்தியாயத்தின் தலைப்பு ‘கடந்த காலம்’. பிரபு மார்செய்க்குப் போய், முன்னொரு காலத்துல தான் காதலிச்ச மெர்சிடஸைப் பார்த்துட்டு வர்றார். அவளோட வாழ்க்கையும் இந்தப் பழிவாங்கல்ல பாழாகியிருக்கு. தான் போட்ட கணக்கே தப்போன்னு மனசு அரிக்குது. அப்போ அவர் ஒரு படகு எடுத்துக்கிட்டு ஷாத்தோ டிஃப்புக்குப் போறார். 14 வருஷம் கிடந்த சிறைக்கு, ஒரு டூரிஸ்ட்டா.

ஆமா, டூரிஸ்ட்டாத்தான். கதையின் அந்தக் கட்டத்துல அந்தச் சிறையில கைதிகள் யாரும் இல்லை. வர்றவங்களுக்குச் சுத்திக்காட்ட ஒரு காவல்காரர் மட்டும் இருக்கார். அவருக்கு இந்தப் பெரிய மனுஷன் யார்னு தெரியாது. டார்ச் லைட்டை அடிச்சுக்கிட்டே ஊர்க்கதை சொல்ற நம்ம கோட்டைக் கைடு மாதிரி, அவரும் ஒரு தீப்பந்தத்தோட கதை சொல்றார். இந்த அறையில ஒரு கைதி இருந்தான், அந்த அறையில ஒரு பைத்தியக்காரப் பாதிரியார் இருந்தார், ரெண்டு பேரும் நடுவுல சுரங்கம் தோண்டினாங்க, பாதிரியார் செத்ததும் கைதி பிணப்பைக்குள்ள தான் புகுந்துக்கிட்டான், காலில் குண்டு கட்டிக் கடல்ல எறிஞ்சாங்க, அத்தோட முடிஞ்சான். டான்டேஸோட கதையை டான்டேஸ்கிட்டயே சொல்றார். நாம 20 அத்தியாயம் கூடவே இருந்து அனுபவிச்ச விஷயம், இப்போ ஒரு கைடு டிப்ஸுக்காகச் சொல்ற நாலு வரி ஆயிடுச்சு. கேட்டுக்கிட்டு நிக்கிறவருக்கு வேர்க்குது.

தன் அறைச் சுவத்துல, தனக்கு ஞாபகம் மட்டும் போயிடக்கூடாதுன்னு கடவுளைக் கேட்டுத் தானே எழுதி வச்ச வரியைப் பார்க்கிறார். அப்புறம் ஃபாரியாவின் அறை. பாதிரியார் காகிதம் இல்லாம துணிப்பட்டைகள்ல எழுதின அந்தப் பெரிய கையெழுத்துப் பிரதி அந்தக் காவல்காரர்கிட்ட இருக்கு. அதை வாங்கிக்கிறார். தனக்கு வேண்டியிருந்த பதில் அதுல கிடைச்சதா எடுத்துக்கிட்டுத் திரும்புறார்.

இது ஒரு நேர்மையான பதிலா, இல்லை தனக்குத் தானே சொல்லிக்கிட்ட சமாதானமா? எனக்கு ரெண்டாவதுன்னுதான் தோணுது. சந்தேகம் தீரணும்னே சிறைக்குப் போன மனுஷன், சந்தேகம் தீர்ந்ததுன்னு திரும்புறார். நீங்க படிச்சா வேற மாதிரி தோணலாம். ஆனா இந்த அத்தியாயம் கையில இருந்தாத்தான் அந்த விவாதத்தையே நாம நடத்த முடியும்.

இப்போ அந்த மன்னிப்புக்கு வருவோம். மிச்சம் இருக்கிறது டங்லார் மட்டும். அவன் 50 லட்சம் ஃபிராங்க் சுருட்டிக்கிட்டு ரோமுக்கு ஓடுறான். அங்கே லூயிஜி வாம்பாங்கிற கொள்ளைக்காரன் பிடிச்சு அடைச்சு வைக்கிறான். சாப்பாடு வேணுமா? ஒரு கோழி 1 லட்சம் ஃபிராங்க். பசியால அவன் காசெல்லாம் கரையுது. கடைசியில பிரபு அவன் முன்னாடி வந்து நின்னு, நான்தான் எட்மண்ட் டான்டேஸ், உன்னை மன்னிச்சுட்டேன், மிச்சம் இருக்கிற 50,000-ஐ வச்சுக்கோன்னு விட்டுடுறார். 116-ஆவது அத்தியாயம். அதன் தலைப்பே ‘மன்னிப்பு’தான்.

111-ல் ஒரு குழந்தையின் சாவு, 113-ல் அந்தச் சிறைப் பயணம், 116-ல் மன்னிப்பு. இப்படி வரிசையாப் படிக்கும்போது மன்னிப்பு இயல்பாவே வருது. நடுவுல இருக்கிறதை எடுத்துட்டா அது வானத்துல இருந்து விழுந்த மாதிரி இருக்கும். டூமா அவசரப்பட்டார்னு நான் குறை சொன்ன இடம், டூமா பண்ணினதே இல்லை. யாரோ கத்தரி வச்ச இடம்.

சரி, அந்தக் கத்தரி எங்கிருந்து வந்தது? இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

இந்த நாவல் புத்தகமா பிறக்கலை, தொடர்கதையா பிறந்தது. பாரிஸ்ல ‘ஜூர்னால் தெ டெபா’ங்கிற நாளிதழ்ல 1844 ஆகஸ்ட் 28-ல் ஆரம்பிச்சு 1846 ஜனவரி 15-ல் முடிஞ்சது. கல்கியில, குமுதத்துல தொடர்கதை வாராவாரம் காத்திருந்து படிச்ச வீடுகள்ல வளர்ந்தவங்களுக்கு இந்தச் சூடு புரியும். இங்கே அது நாளிதழோட பக்கத்துல வந்தது, நடுநடுவுல இடைவெளியும் விட்டாங்க. அந்தக் காலத் தொடர்கதைக்காரங்களுக்கு வரிக்கணக்குல காசு. அதனால “காசுக்காக இழுத்திருப்பார், வெட்டினா தப்பில்லை”ங்கிற நியாயம் அன்னைக்கே பிறந்துடுச்சு.

இங்கிலாந்துல எவ்வளவு அவசரம் பாருங்க. பிரெஞ்சுத் தொடரே முடியலை, 1845-லேயே ‘ஐன்ஸ்வொர்த்ஸ் மேகசின்’ அதைச் சுருக்கி ஆங்கிலத்துல போட ஆரம்பிச்சுட்டாங்க. அதாவது, ஆங்கிலத்துல இந்த நாவல் முழுசா வர்றதுக்கு முன்னாடியே சுருக்கம் வந்துடுச்சு. முழு மொழிபெயர்ப்பு 1846-ல்தான் வருது. அதுல நாம கவனிக்க வேண்டியது சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம் போட்டது. மொழிபெயர்த்தவர் பெயர் போடலை. அந்தப் பெயரில்லாத மொழிபெயர்ப்புதான் பல தலைமுறைப் பதிப்புகளுக்கு மூலமா இருந்ததுன்னு சொன்னா மிகைன்னு நினைக்காதீங்க. இன்னைக்குக் கடையில கிடைக்கிற மலிவு விலைப் பிரதிகள்லேயும், இலவசமா கிடைக்கிற இ-புக்லேயும் பெரும்பாலும் அதுதான் இருக்கு.

அடுத்த முக்கியமான வருஷம் 1955. லண்டன்ல காலின்ஸ் பதிப்பகம் அந்தப் பழைய மொழிபெயர்ப்பைப் புதுப்பிச்சு வெளியிடுது. நடை சரளமாச்சு. ஆனா போற போக்குல சில பகுதிகளை எடுத்துட்டாங்க. அதுல ஒரு முழு அத்தியாயமும் போச்சு. எதுன்னு நினைக்கிறீங்க? அதே ‘கடந்த காலம்’. அந்த உரையைத்தான் பின்னாடி வேற பல பதிப்பகங்களும் எடுத்து அச்சடிச்சாங்க, பெரிய பெயர் இருக்கிறவங்க உட்பட. சில இடங்கள்ல பல வருஷம் கழிச்சுத்தான் விடுபட்டதைத் திரும்பச் சேர்த்தாங்க. நம்ம வேலையில ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் காப்பி பண்ணி, அந்த பக் பத்து ப்ராஜெக்ட்ல பரவுமே, அச்சு அசல் அதே கதை. யாரும் ஏமாத்தணும்னு பண்ணலை. மூலத்தோட ஒப்பிட்டுப் பார்க்கலை, அவ்வளவுதான்.

இதனால எனக்குப் புரிஞ்சது, சுருக்கப் பதிப்புன்னு நாம ஒரே பேர்ல கூப்பிடுறது உண்மையில வேற வேற சரக்கு. சிலதுல ஆசிரியரோட வாக்கியம் அப்படியே இருக்கும், நடுவுல துண்டுகள் மட்டும் இல்லாம இருக்கும். சிலதுல கதையை மட்டும் எடுத்துக்கிட்டு வேற ஒருத்தர் எளிய மொழியில புதுசா எழுதியிருப்பார். பள்ளிக்கூடத்துல துணைப்பாடமா வர்றது பெரும்பாலும் இந்த ரகம். அதுல நீங்க படிக்கிறது டூமாவோட ஒரு வாக்கியம்கூட இல்லை. அது தப்பில்லை, அட்டையில சொல்லியிருந்தா. மூணாவதா ஒரு ரகம் இருக்கு, முழுசு மாதிரியே தடிமனா இருக்கும், முழுசுன்னே நம்ம நினைப்போம், ஆனா அங்கங்க ஓட்டை இருக்கும். எனக்குக் கோபம் இந்த மூணாவது மேலதான்.

எப்படி நேர்மையா பண்றதுன்னும் ஒரு உதாரணம் இருக்கு. விக்டர் ஹியூகோவோட ‘லே மிசராப்லே’யை, நம்ம ஊர்ல ‘ஏழை படும் பாடு’ன்னு தெரிஞ்ச கதையை, 1976-ல் நார்மன் டென்னி ஆங்கிலத்துல மொழிபெயர்த்தார். கன்னியர் மடங்கள் பத்தியும், திருடர்களோட குழூஉக்குறிப் பேச்சு பத்தியும் ஹியூகோ கதையை நிறுத்திட்டு நீளமா எழுதின ரெண்டு பகுதிகளை அவர் கதை ஓட்டத்துல இருந்து எடுத்தார். ஆனா தூக்கிப் போடலை. புத்தகத்தோட கடைசியில பின்னிணைப்பா வச்சார், முன்னுரையில அதைச் சொல்லியும் இருந்தார். அதுல உடன்பாடு இல்லாதவங்க பின்பக்கத்தைத் திருப்பிப் படிச்சுக்கலாம்.

சரி, மான்டி கிறிஸ்டோவுல எல்லா வெட்டும் தப்பா? “நடுவுல இழுவையா இருக்கே”ன்னு முழுப் பதிப்பு எடுத்த பல பேர் நிறுத்துற இடம் ஒன்னு இருக்கு. 31-ஆவது அத்தியாயம். அதுவரைக்கும் கதை பறக்கும். சிறை, தப்பித்தல், புதையல், முதலாளி மோரெலைக் கடன்ல இருந்து காப்பாத்துறது. 31-ல் திடீர்னு ஃபிரான்ஸ், ஆல்பர்ட்னு நமக்குத் தெரியாத ரெண்டு பணக்காரப் பசங்க இத்தாலியில ஊர் சுத்துறாங்க. டான்டேஸ் பெயரையே காணோம். 38 வரைக்கும் எட்டு அத்தியாயம் இப்படியே ரோம், கொள்ளைக்காரர்கள், கார்னிவல். சுருக்குறவங்க முதல்ல கை வைக்கிறது இங்கதான்.

ஏன் இப்படி இருக்குன்னு டூமாவே பிற்பாடு ஒரு கட்டுரையில சொல்லியிருக்கார். அவர் முதல்ல போட்ட திட்டத்துல நாவல் தொடங்குறதே ரோம்ல இருந்துதான். மர்மமான ஒரு பிரபு ரோம்ல தோன்றுறார், பாரிஸுக்கு வர்றார், பழைய கதையெல்லாம் நடுவுல பிளாஷ்பேக்கா வரும். அவரோட கூட்டாளியா வேலை பார்த்த ஓகுஸ்த் மாக்கே அதைக் கேட்டுட்டு, ரொம்ப சுவாரசியமான பகுதியையே நீங்க தாண்டிப் போறீங்களே, மார்செய்ல இருந்து ஆரம்பிங்கன்னு சொல்லியிருக்கார். டூமா ஒத்துக்கிட்டார். அப்படித்தான் நமக்கு அந்தச் சிறைக் கதை முழுசா கிடைச்சது. ஆனா பழைய தொடக்கமும் உள்ளேயே இருக்கு. 31-ல் நீங்க முட்டி நிக்கிறது ஒரு நாவலோட நடுப்பகுதி இல்லை, இன்னொரு நாவலோட முதல் அத்தியாயம். இது தெரிஞ்சப்புறம் எனக்கு அந்த இடம் இழுவையா தெரியலை. இந்தப் புது ஆளை வெளியாட்கள் கண்ணால பார்க்கணும்னு டூமா விரும்பியிருக்கார். நமக்கு அவர் டான்டேஸ்னு தெரியும், ஃபிரான்ஸுக்குத் தெரியாது. ஒரு பொது மரண தண்டனையை அவர் பதறாம பார்த்து, அதைப் பத்திப் பேசுறதைக் கேட்டு ஃபிரான்ஸ் நடுங்குறான். சிறைக்குள்ள போன அந்தப் பையன் என்னவா வெளிய வந்திருக்கான்னு நமக்குத் தெரியிறது அந்த நடுக்கத்துலதான்.

தவிர, ரோமை வெட்டினா பின்னாடி கதையே பிசகும். ஆல்பர்ட்டைக் கொள்ளைக்காரன் வாம்பா கடத்துறதும், பிரபு போய் மீட்கிறதும் அங்கேதான். அந்த நன்றிக்காகத்தான் ஆல்பர்ட் அவரைப் பாரிஸுக்கு அழைச்சுத் தன் வீட்டுல அறிமுகப்படுத்துறான். அந்த வீடு எதிரி ஃபெர்னானோட வீடு. கடைசியில டங்லாரைப் பிடிக்கிறதும் அதே வாம்பாதான். எங்கேயும் பயன்படாத கோடுன்னு நினைச்சு ஒரு பங்ஷனை அழிச்சுட்டு, 80 அத்தியாயம் கழிச்சு அதைக் கூப்பிடுற இடத்துல எரர் வாங்குற மாதிரி. சில சுருக்கங்கள் இதை ஒரு பத்தியில ஒட்டுப் போட்டுச் சரி பண்ணும். என் பிரதியில வாம்பா கடைசியிலதான் முதல் தடவையா வந்தான். யார்றா இவன்னு அப்போ யோசிச்சது ஞாபகம் இருக்கு. அன்னைக்கே சந்தேகப்பட்டிருக்கணும்.

வெட்டினா வலிக்காத இடங்களும் இருக்கத்தான் செய்யுது. பாரிஸ் விருந்துகள்ல நடக்கிற சில அரட்டைகள், யார் யாருக்கு என்ன பட்டம், எந்தப் பங்கு எவ்வளவு ஏறுச்சுங்கிற பேச்சுகள். நானே இந்தத் தடவை சில பக்கங்களை வேகமாத்தான் தாண்டினேன். ஆனா அப்படித் தாண்டுறது நானா இருக்கும்போது, எங்கே தாண்டினேன்னு எனக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல். அட்டையில ‘அன்அப்ரிட்ஜ்டு’ன்னு போட்டிருந்தா போதுமா? போதாது. 1846-ன் பெயரில்லாத மொழிபெயர்ப்பு, அத்தியாயக் கணக்குல முழுசுதான். ஆனா விக்டோரியா காலத்து ஆங்கில வாசகர் முகம் சுளிக்கிற இடங்களை அது மழுப்பிடுச்சு. டங்லாரோட பொண்ணு யூஜெனிதான் இதுக்கு நல்ல உதாரணம். அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமே இல்லை. நிச்சயதார்த்தம் நின்னுபோன அன்னைக்கு ராத்திரி தலைமுடியை வெட்டிக்கிட்டு, ஆண் உடையைப் போட்டுக்கிட்டு, தன் சங்கீதத் தோழி லூயிஸோட ஊரை விட்டே கிளம்பிடுறா. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது வெறும் நட்பு இல்லைன்னு டூமா ஜாடையா, ஆனா தெளிவா காட்டியிருக்கார். ஆங்கிலத்துல அந்த ஜாடைகள் மங்கிப் போச்சு. 1996-ல் பெங்குயினுக்காக ராபின் பஸ் புதுசா மொழிபெயர்த்தப்போதான் அது முழுசா திரும்பி வந்தது. நூற்றைம்பது வருஷம் முழுப் பதிப்பு படிச்சவங்களுக்கும் வேற ஒரு யூஜெனிதான் தெரிஞ்சிருக்கா.

அதனால இப்போ நான் புத்தகம் வாங்கும்போது முதல்ல அட்டையைப் பார்க்கிறதில்லை. தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம் போய் மொழிபெயர்ப்பாளர் பெயரும் வருஷமும் இருக்கான்னு பார்க்கிறேன். பெயர் இல்லைன்னா பழைய 1846 உரை, இல்லை அதை வெட்டினது. அப்புறம் பொருளடக்கம். 117 அத்தியாயம் இருக்கணும். ஒன்னு கூட இருந்தா பயப்பட வேண்டாம், பழைய ஆங்கிலப் பதிப்புகள்ல 112-ஆவதோட கடைசிப் பகுதியைத் தனியா பிரிச்சிருந்தாங்க. குறைஞ்சா, 113 இருக்கான்னு தேடுங்க. ஆன்லைன்ல வாங்குறீங்க, பொருளடக்கம் காட்டலைன்னா, மனக்கணக்கு உதவும். ஆங்கிலத்துல இந்த நாவல் ஏறக்குறைய 4 லட்சத்து 60 ஆயிரம் சொற்கள். சாதாரண எழுத்துல ஒரு பக்கத்துக்கு 350-லிருந்து 400 சொல். அப்போ 1,150 பக்கத்துக்குக் குறையாம வரும். 550 பக்கம்னு போட்டு முழுசுன்னு யாராவது சொன்னா, பாதி நாவல் எங்கேன்னு கேட்கலாம். ஆடியோ புக்கும் அப்படித்தான். நிமிஷத்துக்கு 160 சொல் படிச்சாக்கூட 48 மணி நேரம் ஆகும். 20 மணி நேரத்துல முடிஞ்சா அது சுருக்கம்.

எதை வாங்கலாம்னு கேட்டா, காசு செலவு பண்றதா இருந்தா ராபின் பஸ். பண்ண வேண்டாம்னா ப்ராஜெக்ட் குட்டன்பர்க்ல 1184-ங்கிற எண்ல இருக்கிற இலவசப் பிரதி. அதுல 117-ம் இருக்கு, 113-ம் இருக்கு. நடைதான் பழசு, யூஜெனி மட்டும் கொஞ்சம் மங்கலா இருப்பா. 48 மணி நேரம் உங்ககிட்ட நிச்சயமா இல்லைன்னா, சுருக்கினது யார்னு பெயரோட, சுருக்கம்னு அட்டையில வெளிப்படையா போட்ட ஒரு பிரதியை எடுங்க. தப்பே இல்லை. என் தங்கச்சி பன்னிரண்டாவது படிக்கும்போது அப்படித்தான் படிச்சா. ஆனா அதை வச்சு எழுதினவரோட முடிவைப் பத்தித் தீர்ப்பு சொல்லாதீங்க. சொன்னா என்ன ஆகும்னு பார்த்தீங்களே.

முழுசா படிக்க எனக்கு ஏழு வாரம் ஆச்சு. தினமும் மெட்ரோவுல போக வர நாற்பது நிமிஷம், ஞாயித்துக்கிழமை கொஞ்சம் கூட. 31-ல் ஒரு வாரம் நின்னுபோச்சு, உண்மையைச் சொல்லிடறேன். 39-ல் கதை பாரிஸுக்குத் திரும்பினதும் மறுபடி வேகம் பிடிச்சது.

113 முடிச்ச அன்னைக்கு அந்த அம்மாவுக்குப் பதில் எழுதினேன். மன்னிப்பு பத்தி நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டேன், ஆனா சிறையில அவருக்குக் கிடைச்ச பதிலை என்னால நம்ப முடியலைன்னும் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. தனக்கும் இருபது வயசுல அப்படித்தான் தோணுச்சாம், இப்போ அப்படித் தோணலையாம். ஏன்னு கேட்டு எழுதியிருக்கேன். பதில் வந்தா அடுத்த எபிசோடுல சொல்றேன்.

பழைய எபிசோடோட விவரக் குறிப்புல திருத்தம் போட்டாச்சு. அந்தப் பிளாட்பாரத்துப் பிரதியைத் தூக்கிப் போடலை. முதல் பக்கத்துல, தலைப்புக்குக் கீழே, பென்சில்ல ‘சுருக்கம்’னு எழுதி அலமாரியில வச்சிருக்கேன்.